‘மற்றவை வழக்கம்போல்’ என்று எழுதாதீர்கள்

பிப்ரவரி பிறந்தால் சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களிலிருந்து ஒரே மாதிரியான மின்னஞ்சல் ஒன்று கிளம்பும். சரக்கு கொடுப்பவருடன் போட்ட ஓராண்டு ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிகிறது. வாங்குபவர் எழுதுகிறார்: “ஒப்பந்தத்தை மேலும் ஓராண்டுக்குப் புதுப்பித்துத் தரவும். விலையைச் சற்றுக் குறைத்துத் தரவும். மற்றவை வழக்கம்போல்.” மறுநாள் பதில் வருகிறது: “நன்றி. ஆவன செய்கிறோம்.” இரண்டு பக்கமும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் எதுவும் முடியவில்லை. விலை எவ்வளவு குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. ‘வழக்கம்’ எது என்றும் யாரும் சொல்லவில்லை.

புதுப்பிக்கும்போது பெரும்பாலோர் கவனம் வைப்பது விலையில்தான். எவ்வளவு குறையும், எத்தனை நாள் கடன் கிடைக்கும் என்பதிலேயே பேச்சு ஓடும். ஆனால் பணம் கசிவது பெரும்பாலும் பேசாமல் விட்ட இடத்தில், ‘மாறாது’ என்று நாமாக எண்ணிக்கொண்ட இடத்தில். அதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஆனால் தொழில் நடக்கும் அளவுக்கு ஒத்தவை.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். சட்டைகளை அடுக்கி அனுப்ப மாதம் 6,000 அட்டைப் பெட்டிகள் வாங்குகிறது. 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 30 உயரம்; ஐந்தடுக்கு அட்டை. ஒரு பெட்டியின் எடை ஏறக்குறைய 1 கிலோ 280 கிராம். ஒப்பந்தத்தில் எழுதிய விலை ஒரு பெட்டிக்கு 62 ரூபாய் 50 காசு, ஜிஎஸ்டி தனி. லாரி வாடகை கொடுப்பவர் பொறுப்பு. சரக்கு வந்து 45 நாளில் பணம். ஆர்டர் கொடுத்த 7 நாளில் பெட்டி வந்து சேர வேண்டும். நனைந்ததோ அச்சு தவறியதோ இருந்தால் 3 நாளில் மாற்றித் தர வேண்டும்.

இனி, அந்த ஓராண்டில் நடந்தவை. ஆகஸ்டில் காகித விலை ஏறியது. பெட்டிக்காரர் வாட்ஸ்அப்பில், “ரெண்டு மாசத்துக்கு மட்டும் ஒண்ணரை ரூபா சேத்துக் குடுங்ண்ணா” என்று கேட்டார். வாங்குபவர் சம்மதித்தார். விலை 64 ரூபாய் ஆனது. இரண்டு மாதம் முடிந்தபோது யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. பில்லில் 64 என்றே தொடர்ந்தது. பழுதான பெட்டிகளை மூன்று நாளில் மாற்றித் தருவது போய், மாதக் கடைசியில் பில்லில் கழித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. லாரி வாடகை மட்டும் எழுதியபடி நடந்தது.

இப்போது ‘மற்றவை வழக்கம்போல்’ என்று எழுதினால் எந்த வழக்கம்? 62.50 ரூபாயா, 64 ரூபாயா? மூன்று நாளில் மாற்றா, மாதக் கடைசியில் கழிவா? வாங்குபவர் மனத்தில் ஒப்பந்தத் தாள் இருக்கிறது. கொடுப்பவர் மனத்தில் போன மாதத்து பில் இருக்கிறது. இருவரும் நேர்மையானவர்களாக இருந்தாலும் சண்டை வரும். நம்பி விட்ட இடம் என்பதால் அதில் வருத்தமும் சேரும்.

ஆகவே மின்னஞ்சல் எழுத உட்காரும் முன் ஒரு நாள் வேலை இருக்கிறது. பழைய ஒப்பந்தத்தை எடுத்து ஒவ்வொரு விதியாக வாசிக்க வேண்டும். பக்கத்திலேயே கடைசி மூன்று மாத பில்களையும் கிடங்குக்காரரின் சரக்கு வரவுப் பதிவேட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் எதிரே, நடப்பு என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத்தும் நடப்பும் ஒத்துப் போகாத இடங்கள் இரண்டோ மூன்றோ தேறும். அவைதான் உங்கள் கடிதத்தின் உயிர்நாடி. இந்த வேலையைக் கொள்முதல் மேலாளர் தனியாகச் செய்யக் கூடாது. பில் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்பது கணக்காளருக்குத்தான் தெரியும். பெட்டி எப்படி வருகிறது என்பது கிடங்கில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

அதே வாசிப்பில் இன்னும் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, ஒப்பந்தம் தானாகவே நீளும் என்று விதி இருக்கிறதா, அப்படியானால் எத்தனை நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பது. சில ஒப்பந்தங்களில் 30 நாள், சிலவற்றில் 60 நாள். அந்த நாள் தாண்டிவிட்டால் பழைய நிபந்தனையிலேயே இன்னோர் ஆண்டு ஓடும். உங்கள் கோரிக்கை வெறும் வேண்டுகோளாகிவிடும். இன்னொன்று, மாற்றங்கள் இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளில்தான் செல்லும் என்று இருக்கிறதா என்பது. இருந்தால், மின்னஞ்சலில் பேசி முடித்ததை ஒரு பக்கத் துணை ஒப்பந்தமாக அச்சிட்டு இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுவதே பத்திரம்.

கேட்பதற்கு முன் கொடுப்பதைக் கணக்கிடுங்கள்

நல்ல நிபந்தனை கேட்பவர் வழக்கமாக மூன்றைக் கேட்பார்: விலை குறைய வேண்டும், கடன் நாள் கூட வேண்டும், சரக்கு சீக்கிரம் வர வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் எதிர்த் தரப்புக்கு ஒன்று புரியும்: இவருக்கு எது முக்கியம் என்று இவருக்கே தெரியவில்லை. ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கேட்பவருக்குத்தான் பதில் வரும்.

நம் உதாரணத்தில் கடன் நாளை 45-லிருந்து 60 ஆக்கக் கேட்பது பயனற்றது. பெட்டிக்காரர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளராக இருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குமேல் கெடு வைத்து ஒப்பந்தம் போட முடியாது. எழுதியே வைக்காவிட்டால் கெடு 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. வருமான வரிக் கணக்கிலும் இடி உண்டு: கெடு தாண்டிய தொகையை, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். இது 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது.

எதிர்த் திசையில் யோசித்தால் வழி திறக்கிறது. 45 நாளில் கொடுக்கும் பணத்தை 30 நாளில் தர முன்வந்தால் வாங்குபவருக்கு என்ன செலவு? மாதக் கொள்முதல் 6,000 பெட்டி, 64 ரூபாய் வீதம் 3,84,000 ரூபாய். வங்கிக் கடனுக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், 15 நாளுக்கு ஏறக்குறைய 1,580 ரூபாய். பெட்டிக்கு 26 காசு. அதற்குமேல் எவ்வளவு விலை குறைந்தாலும் வாங்குபவருக்கு லாபம்.

அந்தப் 15 நாள் பெட்டிக்காரருக்கு அதைவிடப் பெரிது. 2025 செப்டம்பர் 22 முதல் நெளி அட்டைப் பெட்டிக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதே நாளில் பெட்டி செய்யும் கிராஃப்ட் காகிதத்துக்கு 12-லிருந்து 18 ஆக ஏறியது. அவர் 18 சதவீதம் வரி கட்டிக் காகிதம் வாங்கி, 5 சதவீதம் வரி வாங்கிப் பெட்டி விற்கிறார். மிச்ச வரியை அரசிடம் திரும்பப் பெறலாம் என்றாலும், அது வரும்வரை அவர் பணம் முடங்கிக் கிடக்கும். இப்படிக் கைப்பணத்துக்கு நெருக்கடி உள்ளவரிடம் சீக்கிரம் தரும் பணத்துக்கு மதிப்பு அதிகம். எதிர்த் தரப்பின் தொழிலில் அந்த ஆண்டு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு கேட்பவரின் கடிதம், ‘விலையைக் குறைத்துத் தரவும்’ என்று பொதுவாகக் கேட்பவரின் கடிதத்தைவிட எப்போதும் கனமாக இருக்கும்.

காகித விலை ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு கணக்கு வைத்துவிடலாம். 1.28 கிலோ பெட்டிக்குச் சேதாரம் சேர்த்து ஏறக்குறைய 1.35 கிலோ காகிதம் பிடிக்கும். ஆகவே காகிதம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் பெட்டிக்கு 1 ரூபாய் 35 காசு ஏறுவது நியாயம். இறங்கினால் இறங்குவதும் நியாயம். இந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் ஆகஸ்டில் ஏறிய விலை காகிதம் இறங்கியபோது தானாக இறங்கியிருக்கும்.

ஒரு சொல்லில் இருக்கும் வேறுபாடு

எழுதும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். “புதுப்பிக்கிறோம், அதோடு விலைக் குறைப்பும் வேண்டுகிறோம்” என்பது ஒன்று. “கீழ்க்கண்டவற்றுக்கு நீங்கள் சம்மதித்தால் புதுப்பிக்கிறோம்” என்பது வேறு. முதலாவதில் பழைய ஒப்பந்தம் உடனே நீண்டுவிட்டது. விலைக் குறைப்பு கிடைக்காவிட்டாலும் நீங்கள் கட்டுப்பட்டவர். இரண்டாவதில் சம்மதம் வரும்வரை ஒப்பந்தம் இல்லை. சரக்கு நின்றாலும் கேட்க முடியாது. வேறு பெட்டிக்காரர் கைவசம் இருக்கிறவர் இரண்டாவதை எழுதலாம். ஏப்ரலில் கப்பலேற்ற வேண்டிய சரக்கு இருக்க, வேறு ஆள் இல்லாதவர் அப்படி எழுதிவிட்டுத் தவிக்கக் கூடாது. அவருக்கு நடுவழி உண்டு: பேச்சு முடியும்வரை, குறிப்பிட்ட ஒரு தேதிவரை, இப்போதைய நிபந்தனையிலேயே சரக்கு தொடரும் என்று எழுதிவிட்டு, பிறகு நிபந்தனையோடு கேட்பது. நம் உதாரணக் கடிதம் அந்த வழியில் போகிறது.

பொருள்: பெட்டி விநியோக ஒப்பந்தம் (01.04.2025 – 31.03.2026) புதுப்பித்தல், உங்கள் பதில் 25.02.2026-க்குள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 28.03.2025 தேதியிட்ட நம் ஒப்பந்தம் வரும் மார்ச் 31-இல் முடிகிறது. அதன் நகல் இணைப்பில் உள்ளது. தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியிலும் ஒரு லோடுகூடத் தவறாமல் அனுப்பினீர்கள். உங்களோடு தொடரவே விரும்புகிறோம். கீழே அ, ஆ, இ மூன்றுக்கும் சம்மதம் தந்தால் 01.04.2026 முதல் 31.03.2027 வரை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அ. மாற்றக் கேட்பவை

1. விலை: பெட்டிக்கு ரூ.62.50, ஜிஎஸ்டி தனி. ஆகஸ்டில் இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்ட ரூ.64 இதுவரை தொடர்கிறது. 31.03.2026 வரை அந்த விலையில் கொடுத்த தொகையில் வேறுபாடு எதையும் நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. ஏப்ரல் 1 முதல் அனுப்பும் சரக்குக்குப் புதிய விலை.
2. இதற்கு ஈடாகப் பணம் தரும் கெடுவை 45 நாளிலிருந்து 30 நாளாகக் குறைக்கிறோம். சரக்கு எங்கள் கிடங்கில் ஏற்கப்பட்ட நாளிலிருந்து கெடு எண்ணப்படும்.
3. காகித விலை: ஜனவரி 2026 மில் பில்லில் உள்ள விலை அடிப்படை. கிலோவுக்கு 2 ரூபாய்க்குமேல் ஏறினாலோ இறங்கினாலோ, மொத்த மாற்றத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பெட்டி விலை ரூ.1.35 மாறும். 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; கொடுத்த ஆர்டருக்குப் பொருந்தாது.
4. சரக்கு வந்து சேரும் நாள்: ஆர்டரிலிருந்து 7-க்குப் பதில் 5 நாள். மாதத் தேவையை முந்தைய மாதம் 20-ஆம் தேதிக்குள் உங்களுக்குத் தெரிவிப்போம்.

ஆ. மாறாதவை

5. பெட்டி: 60 x 40 x 30 செ.மீ., ஐந்தடுக்கு, ஒவ்வொரு தாளும் 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப். வெடிப்பு வலிமை சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோவுக்குக் குறையாது. லோடுக்கு ஒரு சோதனை அறிக்கை.
6. லாரி வாடகை உங்கள் பொறுப்பு. இறக்கும் கூலி எங்கள் பொறுப்பு.
7. பழுதான பெட்டிக்கு 3 நாளில் மாற்று. மாதக் கடைசியில் பில்லில் கழிப்பது எங்கள் சம்மதம் கேட்டு மட்டும்.
8. எங்கள் பெயர் அச்சிடும் ஸ்டீரியோ தகடுகள் எங்களுக்குச் சொந்தம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.
9. மேலே சொல்லாத மற்ற எல்லா விதிகளும் 28.03.2025 ஒப்பந்தத்தில் உள்ளபடியே. பில்லிலோ டெலிவரி சலானிலோ அச்சிட்ட வாசகம் இதற்கு மாறாக இருந்தால் இந்த ஒப்பந்தமே செல்லும்.

இ. இடைக்காலம்

10. மார்ச் 31-க்குள் பேச்சு முடியாவிட்டால் 30.04.2026 வரை இப்போதைய விலை ரூ.64-லும் பழைய விதிகளிலும் சரக்கு தொடரட்டும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே சம்மதம், அல்லது உங்கள் மாற்றுக் கருத்து என்று எழுதி இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்புங்கள். கணக்குப் பிரிவையும் கிடங்கையும் நகலில் சேர்த்திருக்கிறோம். உங்கள் உத்யம் பதிவுச் சான்றின் நகலையும் இணைத்து அனுப்ப வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கொள்முதல் மேலாளர்

கடிதம் நீளம் என்று தோன்றலாம். ஆனால் இதில் பாதிக்குமேல் இரண்டாம் ஆண்டில் அப்படியே படியெடுக்கக்கூடியது. இதைத் திறந்து பார்த்தால் ஒன்று தெரியும்: மாற்றக் கேட்டவை நான்கு, மாறாதவை ஐந்து. அந்த ஐந்தையும் எழுதியதற்குக் காரணம் உண்டு. விலையைக் குறைக்கச் சொன்னதும் நல்ல வியாபாரிகூட அந்தக் காசை வேறெங்கே எடுப்பது என்று பார்ப்பார். அதற்கு இரண்டு சுலபமான இடங்கள்: லாரி வாடகை, காகிதத்தின் கனம். ஆறாவது வரியும் ஐந்தாவது வரியும் அந்த இரண்டு கதவுகளையும் மூடுகின்றன.

கனம் குறைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியை எடை போடுவது முதல் வழி. 1.28 கிலோ இருக்க வேண்டியது 1.15-க்கு வந்தால் தாள் மாறியிருக்கிறது. ஆனால் எடையை மட்டும் நம்பக் கூடாது. காகிதம் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மெல்லிய தாளில் செய்த பெட்டியும் கனமாகத் தெரியும், அதே சமயம் வலுவிழந்தும் இருக்கும். அதனால்தான் வெடிப்பு வலிமையும் சோதனை அறிக்கையும் கடிதத்தில் இருக்கின்றன. வலுக்குறைந்த பெட்டி கண்டெய்னரின் அடி வரிசையில் நசுங்கினால் பெட்டியின் விலையை யாரும் பேச மாட்டார்கள், உள்ளே இருக்கும் சட்டைகளின் விலையைத்தான் பேசுவார்கள்.

பழுதைச் சொல்வதற்கும் ஒரு கெடு இருக்கிறது. எம்எஸ்எம்இ சட்டத்தின் கணக்கில், சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றதாகத்தான் பொருள். தொலைபேசியில் திட்டியது கணக்கில் வராது.

பதில் வந்த பிறகுதான் பாதி வேலை

பதில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “விலை 63.25 தருகிறோம். 30 நாள் சம்மதம். காகித விலை விதி சம்மதம். 5 நாள் இந்த அளவுப் பெட்டிக்கு மட்டும். புதிய அளவுக்கு 7 நாள். இறக்கும் இடம் வரை லாரி அனுப்புவது பற்றிப் பேசிக்கொள்ளலாம். மற்றவை சரி.”

பார்க்க நல்ல பதில். ஆனால் இது சம்மதம் இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சம்மதம் என்றால் எந்த நிபந்தனையும் ஒட்டாத முழுச் சம்மதமாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரு எண்ணை மாற்றினாலே அது புதிய முன்மொழிவு. இப்போது ஏற்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் பதில் எழுதாமல் ஏப்ரலில் ஆர்டர் மட்டும் அனுப்பினால், நடத்தையால் அவருடைய நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாக அவர் வாதிட இடம் உண்டு. அதில் ‘பேசிக்கொள்ளலாம்’ என்ற லாரியும் அடக்கம்.

அந்தச் சொல்லைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 64-லிருந்து 63.25-க்கு இறங்கினால் பெட்டிக்கு 75 காசு மிச்சம். மாதம் 4,500 ரூபாய். சீக்கிரம் பணம் தருவதன் வட்டிச் செலவு 1,580 போக, கையில் நிற்பது ஏறக்குறைய 2,900. மாதம் நான்கு லோடு வருகிறது, லோடுக்கு வாடகை 1,800 என்றால், லாரியை இழந்தால் போவது 7,200. வென்றதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், பேசாமல் விட்ட ஒரு வரியில் போய்விடும். மாறாதவற்றை உறுதி செய்வது மரியாதைக்காகச் சேர்க்கும் சடங்கு அல்ல. இந்தக் கடிதத்தில் அதிகப் பணம் இருப்பது அங்கேதான்.

ஆகவே ஒரு தொலைபேசி. “63.25-க்கு சம்மதங்க. லாரி மட்டும் பழையபடி உங்க பொறுப்புலயே இருக்கட்டும். வாடகை சேக்கறதா இருந்தா எங்களுக்கு விலை கொறஞ்சதுல அர்த்தமே இல்லீங்க.” அவரும், “சரிங்ண்ணா, லாரி நாங்களே அனுப்பறோம்” என்கிறார். பேரம் தொலைபேசியில் முடிவதே நல்லது. எழுத்தில் முரட்டுத்தனமாகத் தெரிவது குரலில் அப்படித் தெரியாது. ஆனால் முடிந்தது அன்று மாலைக்குள் எழுத்துக்கு வர வேண்டும். அதே மின்னஞ்சல் தொடரில் மூன்றாவது கடிதம்: “இன்று பேசியபடி, வரிசை எண் 1-இல் விலை ரூ.63.25, 4-இல் இந்த அளவுக்கு 5 நாள், புதிய அளவுகளுக்கு 7 நாள், 6 மாற்றமின்றி, லாரி வாடகை உங்கள் பொறுப்பு. மற்ற எண்கள் 10.02.2026 மின்னஞ்சலில் உள்ளபடி. ‘முழுச் சம்மதம்’ என்று பதில் தந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதாகக் கொள்வோம்.”

அந்தப் பதில் எந்தச் சொல்லில் வருகிறது என்று பாருங்கள். ‘பெற்றுக்கொண்டோம்’, ‘கவனித்தோம்’, ஒரு கட்டைவிரல் படம், இவையெல்லாம் கடிதம் வந்து சேர்ந்ததைக் காட்டும். ஒப்புக்கொண்டதைத் தெளிவாகக் காட்டாது. அதுபோலவே, “ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் சம்மதித்ததாகக் கொள்வோம்” என்று நீங்கள் எழுதுவதும் பொதுவாகச் செல்லாது. வாய் மூடி இருப்பவரின் மௌனத்தை ஒருதலையாகச் சம்மதமாக்கச் சட்டம் இடம் தருவதில்லை. இன்னொன்று, பதில் எழுதியவர் யார்? விற்பனைப் பிரிவு இளைஞர் சம்மதம் சொல்லி, முதலாளி ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது தொழிலில் புதிதல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரின் முகவரி தொடரில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மின்னஞ்சலில் பேசி முடித்தது நிற்குமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிற்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது. டிரைமெக்ஸ் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் 2007-இல் பாக்சைட் தாது விற்பனை மின்னஞ்சல்களிலேயே பேசி முடிந்தது. முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2010 ஜனவரியில் நீதிபதி பி. சதாசிவம், முக்கிய விஷயங்களில் இரு தரப்பும் ஒத்துப்போன பிறகு கையெழுத்தில்லை என்பதற்காக ஒப்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தார். பொருள், அளவு, விலை, பணம் தரும் முறை எல்லாம் அந்த மின்னஞ்சல்களில் தெளிவாக இருந்ததுதான் வழக்கைத் தாங்கியது. அதே அளவுகோலில், ‘ஆவன செய்கிறோம்’ என்று முடிந்த மின்னஞ்சலைக் கொண்டு என்ன நிரூபிக்க முடியும்?

அந்தத் தொடரை அழிக்காமல் மின்னஞ்சல் பெட்டியிலேயே வையுங்கள். அச்செடுத்துக் கோப்பில் வைப்பது கிடங்குக்கும் கணக்குக்கும் உதவும். ஆனால் நீதிமன்றம் என்று வந்தால் மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழோடு கொடுக்க வேண்டும், அதற்கு மூலம் இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகும் ஊழியரின் முகவரியோடு ஒப்பந்தமும் போய்விடாதபடி, நிறுவனத்தின் பொது முகவரி ஒன்றையும் நகலில் சேர்ப்பது நல்லது.

புதிய விலை கணினியிலும் ஏற வேண்டும். ஒப்பந்தம் 63.25 என்று சொல்ல, கணக்கு மென்பொருளில் 64 இருந்தால் பில் 64-இலேயே தேறிப் போகும். பெட்டிக்காரரும் பழைய பதிவையே படியெடுத்து பில் போட்டிருப்பார். யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள், ஆனாலும் மாதம் 4,500 ரூபாய் போகும். ஏப்ரலில் வரும் முதல் பில்லை எடுத்து, அந்த மின்னஞ்சலைப் பக்கத்தில் வைத்து, விலை, ஜிஎஸ்டி, லாரி வாடகை, கெடு நாள் நான்கையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் அன்றே எழுதுங்கள். முதல் பில்லைக் கேள்வி கேட்காமல் தேற்றிவிட்டால், அடுத்த பிப்ரவரியில் ‘வழக்கம்’ என்று காட்டப்படுவது அந்த பில்தான்.